வேலாயுதன் வீட்டு அண்டா

வேலாயுதன் வீட்டுச் சாம்பார் கெடாது. அந்தக் கரும்புத் தீவில், கான் தெ மாஸ்க் ஊர்ப் பக்கத்துத் தமிழர்களில் இதை அறியாதவர் கிடையாது. காவடித் திருநாளன்று கோயிலில் முதல் பந்தியில் உட்கார்ந்தவனும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனும் ஒரே ருசியில் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். தை மாத வெயில் தகரக் கூரையை உருக்கினாலும் அந்த வீட்டு அண்டாவில் ஒரு நுரை கட்டியதில்லை. கப்பலேறி வந்த பாட்டனார் கோயில் அடுப்பில் முதல் சுள்ளி வைத்த நாளிலிருந்து, அந்த ஊர்க் காவடிச் சோறு அந்த வீட்டு உபயம்.

"சுத்தமான வீடு. அதான்" என்பார்கள் ஊரில்.

வேலாயுதனின் தகப்பனார் இதை ஒருநாளும் மறுத்ததில்லை. "விரதம் பிசகாத கையில எதுவும் திரியாது" என்று மீசையைத் தடவிக்கொள்வார். காவடிச் செம்பில் நிறைத்துக் கட்டிய பால், அத்தனை தூரம் வெயிலில் வந்தும் திரியாமல் சாமி தலையில் வெள்ளையாய் விழ வேண்டும் என்பது அந்தத் தீவில் காவடி எடுப்பவர்களின் நம்பிக்கை. பால் திரிந்தால் எடுத்தவன் விரதத்தில் பழுது. அதே நம்பிக்கையைச் சாம்பார் அண்டாவுக்கும் கொண்டுவந்து சேர்த்த பெருமை அந்தக் குடும்பத்துடையது. தகப்பனாருக்குப் பிறகு வேலாயுதனும் அதையே சொன்னார். ஊர் கேட்டது; மரியாதையும் கொடுத்தது.

உள்ளே நடந்தது வேறு. அது வேலையின் ஒழுங்கு. பருப்பைத் தனி அண்டாவில் வேகவைத்து மசித்து வைப்பார்கள். பூசணி, சௌசௌ, கத்தரி போட்ட புளித்தண்ணீர் தனி அண்டாக்களில் விடாமல் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் முன்கூட்டியே சேர்ப்பதில்லை. பருப்பு சேர்ந்த குழம்புக்கு ஆயுள் குறைவு. தேங்காய் அரைத்துவிட்டது அதைவிடக் குறைவு. ஆற்றங்கரையில் வேல் புறப்படும்போது வேட்டுப் போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் பருப்பைப் புளித்தண்ணீரில் ஊற்றித் துடுப்பால் அடிவரை கிளறி, அரைத்த தேங்காயைச் சேர்த்து, நடுவிலும் ஓரத்திலும் ஒன்றுபோல் கொதி வரும்வரை நின்று, தாளித்துக் கொட்டி இறக்குவார்கள். மூடிமேல் கோணிப்பை சுற்றிவிட்டால் நாலு மணி நேரம் அண்டாவின் மேல் கை வைக்க முடியாது. ஊர்வலம் வந்து, பூசை முடிந்து, கடைசிப் பந்தி எழுவதற்கு அது போதும். கை பொறுக்காத சூடு இருக்கும்வரை குழம்புக்கு ஒன்றும் ஆகாது. கை பொறுக்கும் சூட்டில்தான் ஆபத்து. சட்டினிக்கு அந்தக் காவலும் கிடையாது. அது நெருப்பைப் பார்க்காத பச்சைத் தேங்காய்; வேட்டுக்குப் பிறகு அரைத்து, புளி கூட்டி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, ஈரமில்லாத கரண்டி போட்டு, முதல் இரண்டு பந்திக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த குடும்பம்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்லிக்கொள்வதைவிட, சுத்தம் என்று சொல்லிக்கொள்வதில் கௌரவம் அதிகம்.

இன்னொரு வழக்கமும் அந்த வீட்டுக்கு உண்டு. சாம்பாரை இறக்கியதும் குடும்பத் தலைவன் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அடுப்புகளைக் குளிர்விப்பான். சாமி கோயிலுக்குள் வரும்போது நெருப்பு எரியக் கூடாது. அணைத்த அடுப்பை, படைத்து முடியும்வரை மறுபடி மூட்டக் கூடாது. படைப்பதற்கு முன்னால் ஒருவரும் ருசி பார்க்கக் கூடாது, மூக்கருகே கொண்டுபோகவும் கூடாது.

அந்த வருஷம், போர் முடிந்து ரேஷன் தளர்ந்து, பருப்பு மூட்டை கடையில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். வேலாயுதனின் மகன் தனராஜ் காவடி எடுத்திருந்தான். மருமகள் லிலியான் சமையற்கட்டில் இருந்தாள்.

லிலியான் பாம்பூ என்ற ஊர்க்காரி. கிரியோல் வீட்டுப் பெண், மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். தனராஜ் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது வேலாயுதன் ஒரு மாதம் மகனோடு பேசவில்லை. பிறகு பேசினார்; வீட்டுக்குள் வந்துவிட்டவள் வீட்டுப் பெண், வெளியில் ஒருவன் அவளை ஒரு சொல் சொன்னால் அது தன் முகத்தில் விழும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்தத் தையில் அவள் பத்து நாளும் விரதம் இருந்தாள். மாமனார் அவளை அடுப்பருகே விடவில்லை. கொட்டகை ஓரத்தில் தேங்காய் துருவலாம் என்று அனுமதித்தார். அதற்கே ஊர்ப் பெண்கள் புருவத்தைத் தூக்கினார்கள்.

"அண்ணே, அவ துருவுற அழகப் பாரு. ஓட்டோட சேர்த்துத் துருவிடுவா போல" என்றாள் வேலாயுதனின் தங்கை பூங்காவனம். சட்டினியும் தாளிப்பும் அவள் பொறுப்பு. வாய் சும்மா இராது.

லிலியான் சிரித்தாள். "அத்தே, மோ அப்ரான் இன்னும். கத்துக்கறேன்."

"கத்துக்கோ, கத்துக்கோ. உன் புருஷன் நாக்குல வேல் குத்திக்கிட்டு வருவான். வந்து சாப்பிடறப்ப சட்டினியில ஓடு கெடந்தா மறுபடி குத்தினாப்பல இருக்கும்."

காலையிலேயே வேட்டுச் சத்தம் கேட்டது. வேலாயுதன் ஆறு இருக்கும் வடக்குப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஊத்துங்க" என்றார். நான்கு ஆண்கள் பருப்பு அண்டாவைச் சாய்த்தார்கள். துடுப்பு சுழன்றது. தேங்காய் விழுந்தது. கொதி ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும்வரை அவர் அசையாமல் நின்றார். பெருங்காயமும் கடுகும் கறிவேப்பிலையும் எண்ணெயோடு இறங்கின. அண்டாக்கள் ஐந்தும் கல்மேடைக்கு வந்தன. மூடி, கோணிப்பை. பிறகு மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றி, ஒவ்வொரு அடுப்பிலும் ஊற்றினார். புஸ்ஸென்று புகை எழுந்து தணிந்தது. பாட்டனார் ஊற்றிய மாதிரியே, ஒரு கங்கு விடாமல்.

கோயில் வாசலில் வாழை கட்டியிருந்தது. இலைகள் கழுவி அடுக்கியிருந்தன. ஊர்வலம் வரவேண்டியதுதான் பாக்கி.

ஊர்வலம் வரவில்லை.

மலைப்பக்கம் மட்டும் வானம் கறுத்திருந்தது. கோயிலடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. வெகு நேரம் கழித்துத் தோட்டத்து லாரி ஓட்டும் எட்மோன் ஓடி வந்தான். கிரியோல்காரன், பெரியவரை மரியாதையாகத் தொந்தோன், மாமா என்றே கூப்பிடுபவன்.

"தொந்தோன்! லாரிவியேர் இன் தெஸான்!"

ஆறு இறங்கிவிட்டது என்றான். அந்த ஊரில் அப்படிச் சொன்னால் மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிட்டதென்று அர்த்தம்.

"ஆத்துத் தாம்போதிப் பாதை மேல தண்ணி போவுதா?" என்று கேட்டார் வேலாயுதன்.

"இடுப்புக்கு மேல. ஒரு மாட்டை அடிச்சிட்டுப் போச்சு. காவடிக்காரங்க எல்லாரும் அந்தக் கரையில நிக்கிறாங்க. கீழ இறக்கக் கூடாதாமே? தோள்லயே வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க. பாவம், தொந்தோன், கால் எல்லாம் ஆணிச் செருப்பு."

"தனராஜ்?" என்றாள் லிலியான்.

"நிக்கிறான். பேச முடியாதில்ல, கைய மட்டும் ஆட்டினான்."

"தண்ணி வடியும்" என்றார் வேலாயுதன். "மலைத் தண்ணி. வந்த மாதிரி போயிடும்."

அவர் போய் முதல் அண்டாவின் கோணியை விலக்கி உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். நல்ல சூடு. மனம் நிம்மதியாயிற்று.

சட்டினி அந்த நிம்மதியைத் தரவில்லை. பூங்காவனம் அரைத்து முடித்து இரண்டு பெரிய தவலைகளில் வைத்திருந்தாள். அவர் சொன்னபடி, கோயில் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பித் தவலைகளை அதில் இறக்கினார்கள். தண்ணீர் சூடேறச் சூடேற மாற்றினார்கள். கிணற்றுத் தண்ணீர்க் குளிர்ச்சி ஒரு சட்டினியை எத்தனை நேரம் காக்கும்? உச்சி வெயில் சாய்ந்தபோது தவலையின் ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. பூங்காவனம் கரண்டியைத் தூக்கினாள். நூல் மாதிரி ஒன்று கூடவே வந்தது.

"அண்ணே. இது போச்சு."

அவர் எட்டிப் பார்த்தார். "கொட்டிடு. இலைக்கு ஒரு பதார்த்தம் குறையும், அவ்வளவுதான். சாம்பார் இருக்கு."

"சாம்பார் எத்தனை நேரம் இருக்கும்? கைய வெச்சிப் பாரு."

வைத்தார். இம்முறை கை அங்கேயே நின்றது. காய்ச்சல்காரன் நெற்றியில் வைத்த மாதிரி நின்றது.

அந்த நிமிஷத்தில் அடுப்பை மூட்டியிருக்க வேண்டும். அவருக்கும் அது தெரியும். வெதுவெதுப்பு தொடங்கிய உடனே, இரண்டு இரண்டு குடமாகச் சிறிய பாத்திரத்தில் மொண்டு, அடிவரை கிளறிக் கிளறி, தளதளவென்று கொதி வந்து சற்று நேரம் அப்படியே நிற்கும்படி செய்துவிட்டால் குழம்பு பிழைத்துக்கொள்ளும். மேலே ஆவி வந்தால் போதாது; நடுவும் அடியும் கொதிக்க வேண்டும். அதையும் ஒரே தடவைதான் செய்யலாம். இல்லையென்றால் கூட்டமாய் இருக்கிற சூட்டைக் கலைத்து, அகலத் தாம்பாளங்களில் மெல்லிசாய் ஊற்றி முழுக்க ஆறவிட வேண்டும். தைமாத வெயிலில், ஐஸ் இல்லாத ஊரில், எது ஆறும்? வெயிலின் சூட்டுக்குத்தான் ஆறும். அதனால் நெருப்பு ஒன்றுதான் வழி.

"மூட்டிடலாம் அண்ணே" என்றாள் பூங்காவனம்.

"அணைச்ச அடுப்பு."

"அணைச்ச அடுப்புதான். சாமி இன்னும் ஆத்துக்கு அந்தாண்ட நிக்குதே. இங்க நெருப்பு எரிஞ்சா அதுக்குத் தெரியப் போவுதா?"

"ஊருக்குத் தெரியும். அப்பா காலத்துல, தாத்தா காலத்துல, ரெண்டாந்தரம் மூட்டினாங்களா? சுட வெச்ச சோத்தப் படைச்ச வீடுன்னு பேரு வரணுமா? மூட்டினா, கெட்டுப் போகப் போச்சுன்னுதான மூட்டினோம்? வேலாயுதன் வீட்டு அண்டா கெடப் போச்சுன்னு நானே சொல்றதா?"

"கெட்டப்புறம் சொல்றத விட இது தேவலை."

"வாய மூடு பூங்காவனம்."

அவள் மூடிக்கொண்டாள். அவள் மூடிக்கொள்வது அபூர்வம்.

வெறும் கையால் செய்யக்கூடியதையெல்லாம் அவர் செய்தார். இன்னும் இரண்டு சுற்றுக் கோணி சுற்றினார். மூடியிலிருந்து வடியும் ஆவித் தண்ணீர் குழம்பில் சொட்டாமல் துடைக்கச் சொன்னார். மேடையை விட்டு அண்டாக்களை நிழலுக்கு நகர்த்தினார். பிறகு நிழல் வேண்டாம், சூடு போய்விடும் என்று பழைய இடத்துக்கே நகர்த்தினார். கூட இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒரு வேலையை இரண்டு தடவை சொன்னதை அவர்கள் கண்டதில்லை.

மழை அப்போதுதான் கோயிலடிக்கு வந்தது. சாய்த்து அடித்தது. கொட்டகையின் கீற்றைப் பிய்த்தது. அடுக்கியிருந்த சவுக்குக் கட்டை நனைந்தது. அடுப்புக் குழிகளில் மஞ்சள் தண்ணீரோடு மழைத் தண்ணீரும் தேங்கியது. அந்த மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற வேலாயுதனுக்கு உள்ளே என்னவோ உடைந்தது.

"மூட்டுங்க" என்றார்.

எதைக்கொண்டு மூட்டுவது? எட்மோன் ரொட்டிக்கடைக்கு ஓடி, காய்ந்த விறகு ஒரு கட்டு கொண்டுவந்தான். ஓர் அடுப்புக்கு அது காணும். குழித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, கல்லைத் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டு மூட்டினார்கள். புகை கண்ணைக் கட்டியது. நாலு பேர் ஓர் அண்டாவைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். ஈரக் கல்லில் நெருப்பு ஏறுவேனா என்றது.

"மாமா" என்று கூப்பிட்டாள் லிலியான்.

மற்ற அண்டாக்களுக்குக் குடை பிடிக்கச் சொல்லி அவளை நிறுத்தியிருந்தார்கள். மூடி சற்று விலகியிருந்தது. அவள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குக் கீழ நெருப்பே இல்லையே. எப்படிக் கொதிக்குது?"

அவர் வந்து பார்த்தார். ஓரத்தில், அண்டாவின் சுவரோடு ஒட்டி, கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒன்று உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று வந்தது. எண்ணெய்ப் படலம் திட்டுத்திட்டாய்ப் பிரிந்து, நடுவில் மெல்லிய வெண்ணுரை கட்டியிருந்தது. ருசிக்கவும் வேண்டாம், முகரவும் வேண்டாம். அடுத்த அண்டாவைத் திறந்தார். அதிலும். அதற்கடுத்ததிலும். அடுப்பின் மேலிருந்ததையும் திறந்து பார்த்தார். சூடேறுவதற்கு முன்பே அங்கேயும் நுரை வந்து, அந்த நுரையோடுதான் அது சூடாகிக்கொண்டிருந்தது.

"ஏம்மா இதுல கை வெச்சியா?" என்று ஒரு பெண் லிலியானைக் கேட்டாள். துருவல் வேலையில் கூட இருந்தவள்தான். கேட்ட தொனி வேறாக இருந்தது.

"இல்ல. குடைதான் பிடிச்சேன்."

"தேங்கா நீதான துருவின?"

லிலியான் மாமனாரைப் பார்த்தாள். அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் வேளையில் மேளச் சத்தம் கேட்டது. தண்ணீர் வடியக் காத்திருந்து அலுத்து, தோட்டத்துப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்கள். நனைந்த மஞ்சள் துணிகள், கிழிந்த கடதாசிப் பூ, வீங்கிய தோள்கள். ஆணிச் செருப்போடு நடந்தவர்கள் பிறர் தோளைப் பிடித்து வந்தார்கள். தனராஜின் முகம் வெளுத்திருந்தது. நாக்கிலும் கன்னத்திலும் வேல். லிலியானைத் தேடிப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தான்.

செம்புகளை அவிழ்த்தார்கள். முதல் செம்பு சாய்ந்தது. பால் வெள்ளையாக, ஒரு திப்பியில்லாமல், சாமி தலையில் வழிந்தது. "அரோகரா!" என்று கூரை அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. காலையிலிருந்து வெயிலிலும் மழையிலும் நின்ற பால் ஒன்றுகூடத் திரியவில்லை. பெண்கள் கண்ணீர் விட்டார்கள். தனராஜின் பாலும் வெள்ளையாகத்தான் விழுந்தது.

"நைவேத்தியம்!" என்று உள்ளேயிருந்து குருக்கள் குரல் கொடுத்தார்.

படைத்த பாத்திரத்தில் மிஞ்சியதை எடுத்துப்போய் ஒவ்வோர் அண்டாவிலும் ஒரு கரண்டி விடுவது வழக்கம். அது விழுந்தவுடன் அண்டா முழுவதும் பிரசாதம். பிரசாதத்தை வேண்டாமென்று சொல்லவோ கொட்டவோ கூடாது. பந்திக்கு வந்துவிட்டால் நாளைக் காலையில் ஊரில் எத்தனை வீட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும் என்பதும் வேலாயுதனுக்குத் தெரியும். பத்து நாள் விரதம் இருந்து சுருங்கிய வயிறுகள். தடுக்க வேண்டுமானால் இந்த இடத்தில் தடுக்க வேண்டும். இதைத் தாண்டினால் யார் கையிலும் இல்லை.

அவர் சோற்றுத் தட்டையும் வாழைப்பழச் சீப்பையும் வெல்லத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"சாம்பார்?" என்றார் குருக்கள்.

"இந்த வருஷம் எங்க வீட்டுச் சாம்பார் இல்ல. இத மட்டும் படைங்க."

மேளம் தானாக நின்றது. கோயில் சபைத் தலைவர் ராமசந்திரன் முன்னால் வந்தார். நீதிமன்றத்தில் உத்தியோகம், வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை சேறு.

"என்ன ஐயா சொல்றீங்க? ஜனங்க விடிஞ்சதிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல."

"கெட்டுப் போச்சு."

"இன்னொரு கொதி விட்டா சரியாயிடும். கொஞ்சம் வெல்லம் போட்டா புளிப்பும் தெரியாது."

"புளிப்பு மறைஞ்சிடும். உள்ள ஊறின விஷம் போகாது. முன்னாடியே கொதிக்க வெச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம். திரிஞ்சதுக்கப்புறம் எத்தனை கொதி விட்டாலும் அது திரிஞ்சதுதான்."

"பால் திரியல" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "அண்டா திரிஞ்சிடுச்சா? வேலாயுதன் வீட்டு அண்டாவா?"

"யாரு தேங்கா துருவினது, கேளுங்க."

"அந்தக் கிரியோல் பொண்ண உள்ள விட்டாங்களாம்."

சொல்லச் சொல்ல, தலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைப் பக்கம் திரும்பின. லிலியான் அங்கே மடக்கிய குடையோடு நின்றாள். தனராஜ் ஓர் அடி முன்னால் வந்தான். நாக்கில் வேல் இருந்தது; அதை உருவிவிடக் குருக்கள் இன்னும் வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வேலாயுதன் கூட்டத்தைப் பார்த்து நின்றார். முதுகு நிமிர்ந்திருந்தது.

"எல்லாரும் கேளுங்க. அந்தப் பொண்ணு பத்து நாளும் விரதம் இருந்தது. நான் சாட்சி. சாம்பார் கெட்டது என்னால. வேட்டுச் சத்தம் கேட்டதும் பருப்பையும் தேங்காயையும் சேர்த்தேன். அடுப்ப அணைச்சேன். நீங்க வர்றதுக்கு நேரமாச்சு. சூடு போச்சு. மறுபடி மூட்டணும்னு தங்கச்சி சொன்னா. கௌரவம் பார்த்து நான் மூட்டல. சூடு போன குழம்பு இந்த வெயில்ல கெடாம இருக்காது. யார் ஆக்கினாலும் கெடும். இதுல தீட்டு இல்ல, விரதம் இல்ல. நெருப்பு, நேரம், அவ்வளவுதான்."

பிறகு ஒரு கிழவர் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. வேலாயுதனோடு பள்ளி போனவர்.

"வேலாயுதா, மருமகளுக்காகப் பேசற. பேசணும்தான். ஆனா உங்கப்பா இதே இடத்துல நின்னு என்ன சொன்னாரு? விரதம் பிசகாத கையில திரியாதுன்னாரு. நீயும் போன வருஷம் அதையேதான சொன்ன? அப்ப நெருப்பு, நேரம்னு ஏன் சொல்லல?"

இருந்த பதிலை வேலாயுதன் இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். அதை ஒருவரும் கையில் வாங்கவில்லை. எத்தனையோ தையாக அவர் குடும்பம் ஊர் வாயில் ஊட்டி வளர்த்த சொல் அது. அதைத் திரும்பக் கேட்டால் ஊர் கொடுக்குமா?

"அடுத்த வருஷ உபயம் பத்தி சபையில பேசுவோம்" என்றார் ராமசந்திரன் மெதுவாக. அவரும் வருத்தத்தோடுதான் சொன்னார்.

குருக்கள் சோறும் பழமும் வெல்லமும் படைத்தார். அண்டாக்களை ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் பின்புறக் கரும்புக் கொல்லையில் சாய்த்தார்கள். பூசணித் துண்டும் பருப்பும் சால் வழியே மழைத் தண்ணீரோடு ஓடின. நாயைக்கூட அதன் பக்கம் விடக் கூடாது என்று பூங்காவனம் மண்வெட்டி எடுத்து மேலே மண் தள்ளினாள். அவள் அழுதுகொண்டே தள்ளினாள், வசைபாடிக்கொண்டும் தள்ளினாள், யாரை என்று தெரியவில்லை.

இலை போட்டார்கள். சோறு, உப்பு, எலுமிச்சை ஊறுகாய், ஒரு வாழைப்பழம். ஜனங்கள் வரிசையில் உட்கார்ந்தார்கள். பசி அவர்களை உட்கார வைத்தது. சோற்றுக் கூடை தூக்க ஆள் போதவில்லை. லிலியான் குடையை வைத்துவிட்டு, கை கழுவி, முந்தானையைச் செருகி, ஒரு கூடையை எடுத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

முதல் இலையில் இருந்த பெண் தன் இரண்டு கைகளையும் இலைமேல் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வரட்டும்" என்றாள், நல்ல பேச்சாகவே. அடுத்தவளும் கவிழ்த்தாள். லிலியான் நகர்ந்தாள். மூன்றாவது இலை, நான்காவது இலை. கூடை அவள் இடுப்பில் கனத்தது.

வேலாயுதன் வந்தார். அந்த வீட்டுத் தலைவன் கடைசிப் பந்திக்குப் பிறகுதான் சாப்பிடுவான், அதுவும் நின்றுகொண்டு. அவர் அந்த வரிசையின் நடுவே ஈரத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தானே ஓர் இலையை உதறிப் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தவர் சற்று ஒதுங்கி இடம் விட்டார்.

"போடும்மா" என்றார்.

லிலியான் குனிந்து போட்டாள். கூடை சாய்ந்ததில் பாதிச் சோறு இலைக்கு வெளியே விழுந்தது. அவர் விழுந்ததையும் எடுத்து இலையில் வைத்துக்கொண்டார். உப்பைத் தொட்டுப் பிசைந்து, எல்லாரும் பார்க்கும்படி முதல் கவளத்தை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அடுத்த கவளம் உருட்டினார்.

"இன்னும் போடு."

போட்டாள். அவருக்கு வலப்பக்கத்து இலைக்கு நகர்ந்தாள். அங்கே இரண்டு கைகள் கவிழ்ந்திருந்தன. இடப்பக்கம் திரும்பினாள். அங்கேயும். வரிசையின் கடைசியில் எட்மோன் மட்டும் இலையைத் தட்டி, "லிலியான், இங்க, இங்க!" என்று கூப்பிட்டான். அவன் சாப்பிட்டான், இரண்டு தடவை கேட்டு வாங்கி. எட்மோன் சாப்பிட்டது ஊர்க் கணக்கில் சேராது.

வேலாயுதன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிறு நிறைந்துவிட்டது. நிறுத்தினால் அவள் சோறு போட ஊரார் வரிசையில் ஓர் இலையும் இருக்காது என்று மறுபடியும் கையை நீட்டினார்.